பின்புறச் சுற்றளவையும் உயரத்தையும் வைத்து உடல் கொழுப்பைக் கணிக்கும் பிஏஐ 30.4 என்று வந்து தூக்கம் போச்சு. உங்களுக்கும் இப்படி ஆச்சா?

நந்தினி: உயரம் 160 செ.மீ., எடை 61 கிலோ, பிஎம்ஐ 23.8. பிஏஐ பார்க்கலாம் என்று தொப்புளுக்கு நேரே டேப்பைச் சுற்றினேன், 84. கணக்குப் போட்டால் 23.5. ரெண்டும் ஒத்துப்போகுதே என்று குஷி. அக்கா பார்த்துவிட்டு, "ஏண்டி, இது வயிறு. பின்புறம் எங்கே அகலமோ அங்கே அளக்கணும்" என்றாள். அங்கே 98! விடை 30.4. பிஎம்ஐயில் 30 என்றாலே உடல் பருமன் ஆச்சே. டேப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஓட்டக்காரன்: பயப்பட வேண்டாம், பிஎம்ஐதான் தப்பு. அது தசையையும் கொழுப்பையும் சேர்த்தே எடை போடும். பிஏஐக்கு எடையே வேண்டாம், அதனால் நேரே கொழுப்பைச் சொல்லிவிடும்.

டேப்மாமா: பிஎம்ஐ தசையையும் கொழுப்பையும் பிரிக்காது என்பது சரி தம்பி, பிஏஐ நேரே கொழுப்பைச் சொல்லும் என்பது சரியில்லை. நந்தினி, பிஎம்ஐ 30 வேற, பிஏஐ 30 வேற. பிஏஐ தருவது உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்ற உத்தேசம். பெண்களுக்கு அது இயல்பாகவே ஆண்களைவிடக் கூடுதல், 30 ஒன்றும் பூதம் இல்லை.

```
BAI = hip_cm / (height_m ** 1.5) - 18
```

நான் முதல்முறை உயரத்தை மீட்டரில் போடாமல் 175 என்றே போட்டேன். மைனஸ் 17.96! கொழுப்பே இல்லாத மனுஷன். மீட்டரில் போட்டால் 22.6. பிறகு மூன்று வருஷத்தில் 68 கிலோவிலிருந்து 77க்குப் போனேன். பிஎம்ஐ 22.2லிருந்து 25.1 ஆச்சு. பிஏஐ? 23.0தான். ஏறினதெல்லாம் தொந்தி, பின்புறம் 94லிருந்து 95. தொந்தியை இந்த டேப் தொடவே இல்லையே!

ஓட்டக்காரன்: உங்களுக்கு அப்படி. எல்லாருக்கும் அப்படியா?

டேப்மாமா: 2011இல் பெர்க்மன் என்ற ஆய்வாளரின் குழு இந்த பிஏஐயை மெக்சிகன்-அமெரிக்கர்களிடம் உருவாக்கி, ஆப்பிரிக்க-அமெரிக்கர்களிடம் சரிபார்த்தது. ஆண், பெண் இருவருக்கும் ஒரே சூத்திரம். ஒல்லியானவர்களுக்குக் கூட்டிக் காட்டும், ரொம்பப் பருமனானவர்களுக்குக் குறைத்துக் காட்டும்.

ஓட்டக்காரன்: அட, எனக்கும் 22 காட்டியது. உடல் கொழுப்பை அளக்கும் டெக்சா ஸ்கேனில் 13தான் வந்தது. மிஷின் கோளாறு என்று நினைத்தேன்.

செல்வி: எனக்கு ஜீன்ஸோடு அளந்து 102 வந்தது, மெல்லிய உடையில் 98. அவ்வளவுதான் என் கதை. நந்தினி, காலைச் சேர்த்து நில்லுங்கள், டேப் தரைக்கு இணையாகச் சுற்றி வரணும், பின்னால் சரிந்திருக்கா என்று கண்ணாடியில் பாருங்கள். இறுக்கவும் கூடாது, தொங்கவும் கூடாது. மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். உங்கள் உயரத்துக்கு, பின்புற அளவு 1 செ.மீ. பிசகினால் விடை அரைப் புள்ளி நகரும். வயிற்றையும் தனியே அளந்து குறித்து வையுங்கள்.

நந்தினி: வயிறுதான் முதலிலேயே அளந்தாச்சே, 84! அதை எந்தக் கணக்கில் போடுவது?