ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டுக்குக் காலாண்டு பிரிப்பதில் உதவி தேவை

கேட்டவர் (தருமபுரி, புளி மண்டி): எங்கள் மண்டியின் விற்பனைப் பதிவுகளை எக்செலில் வைத்திருக்கிறேன், தேதி A நெடுவரிசையில் இருக்கிறது. பிவட் அட்டவணையில் காலாண்டாகத் தொகுத்தால் ஜனவரி முதல் மார்ச் வரை முதல் காலாண்டாக வருகிறது. எங்களுக்கோ அது நான்காம் காலாண்டு. இதை எவ்வாறு மாற்றுவது?

முதல் பதில்: தேதியிலிருந்து 90 நாளைக் கழித்துவிட்டு, வரும் தேதியின் காலாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இரண்டாம் பதில் (ஓசூர், கணக்கர்): பெரும்பாலான நாட்களுக்கு அது சரியாக வரும் என்பதால்தான் தவறு கண்ணில் படுவதில்லை. ஜூன் 30-இலிருந்து 90 நாள் கழித்தால் ஏப்ரல் 1 வருவதால், அன்றைய விற்பனை இரண்டாம் காலாண்டில் விழும். 2024 லீப் ஆண்டு; அதன் மார்ச் 31-இல் கழித்தால் ஜனவரி 1, 2024 கிடைத்து, ஆண்டின் கடைசி நாள் விற்பனை அடுத்த நிதியாண்டுக்கே போய்விடும். நாட்களை விட்டுவிட்டு மாத எண்ணைக் கொண்டு கணக்கிடுங்கள்.

```
B2: =YEAR(A2)-(MONTH(A2)<4)
C2: =MOD(MONTH(A2)-4,12)+1
D2: =ROUNDUP(C2/3,0)
```

18 பிப்ரவரி 2024-க்கு B2-இல் 2023, C2-இல் 11, D2-இல் 4 வரும். அதாவது 2023-24 நிதியாண்டின் பதினோராம் மாதம், நான்காம் காலாண்டு. பிவட்டில் B, D, C என்ற வரிசையில் வையுங்கள். B-ஐ விட்டுவிட்டால் எல்லா ஆண்டுகளின் நான்காம் காலாண்டும் ஒரே கூட்டுத்தொகையாகிவிடும்.

மூன்றாமவர் (கிருஷ்ணகிரி, மாங்கூழ் ஆலை): எங்கள் கோப்பில் பாதி வரிசைகளில் #VALUE! வருகிறது. மற்றவற்றில் மார்ச் மாதத்தில் மாங்காய் கொள்முதல் காட்டுகிறது. சூத்திரத்தில் பிழை இருக்கிறதா?

ஓசூர் கணக்கர்: சூத்திரத்தில் பிழை இல்லை, உங்கள் கணினி தேதியை அமெரிக்க முறையில், மாதத்தை முதலில் வைத்துப் படிக்கிறது. 25-05-2024 என்பதில் 25-ஆம் மாதம் இல்லாததால் அது எழுத்தாகவே நின்று, கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டியிருக்கும், #VALUE! அதனால்தான். 03-06-2024 என்பதோ மார்ச் 6 ஆக மாறி, முந்தைய நிதியாண்டிலேயே சேர்ந்துவிடும். மாறிப்போனவற்றைக் கையால் தேடாதீர்கள்; மூலக் கோப்பை மீண்டும் திறந்து, இறக்கும்போது தேதி வகையை DMY எனத் தேர்ந்தெடுங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி ஐயா. ஜூன் 30 இப்போது முதல் காலாண்டில் வந்துவிட்டது. ஆனால் பிப்ரவரியில் தொடங்கும் புளி வரத்து ஏப்ரலிலும் தொடர்வதால், ஒரே பருவத்தின் விற்பனை இரண்டு நிதியாண்டுகளாகப் பிரிகிறது. முதலாளி பருவத்தின் மொத்தத்தையும் கேட்கிறார்.

ஓசூர் கணக்கர்: அதற்குத் தனியாக ஒரு பருவ நெடுவரிசை வேண்டும், நிதியாண்டை அதற்காக வளைக்க வேண்டாம். பருவம் எந்த நாளில் முடிகிறது என்பதை மண்டியில் உள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும்.

முதல் பதிலளித்தவர்: குளிர்பதனக் கிடங்கில் வைத்து நவம்பரில் விற்கும் புளியை எந்தப் பருவத்தில் எழுதுவீர்கள்?