கட்டம் போட்ட பட்டுப் புடவை, ஒன்பது தலை உயரம்: கட்டத்தை நீட்டுவதா, வரிசையைக் கூட்டுவதா?

மலர்விழி
சித்தி காஞ்சிபுரம் பட்டு கட்டிக்கிட்டு நேரா நிக்கிற போட்டோ ஒண்ணு இருக்கு. உடம்பு முழுக்க ரெண்டு இஞ்ச் கட்டம், கீழே ஆறு இஞ்ச் கோபுரக் கரை. அதை வச்சு ஒன்பது தலை உயரத்துல, அதாவது தலையைப் போல ஒன்பது மடங்கு உயரமா, ஃபேஷன் இல்லஸ்ட்ரேஷன் வரையறேன். காலை நீட்டினதும் கட்டமெல்லாம் ஒடுங்கி நீளுது, புடவை பட்டு மாதிரியே தெரியல. கட்டத்தையும் சேர்த்து நீட்டலாமா, இல்ல புதுசா வரிசை சேர்க்கணுமா?

பிக்சல் பாண்டி
கையால எதுக்குங்க கஷ்டப்படுறீங்க? போட்டோவை போட்டோஷாப்ல போடுங்க. இடுப்புக்குக் கீழே மட்டும் செலக்ட் பண்ணி உயரத்தை 130 சதவீதம் ஆக்குங்க, அகலத்தைத் தொடாதீங்க. அதுக்கு மேல ஒரு லேயர் வச்சு டிரேஸ் பண்ணா முடிஞ்சுது. முகமும் இடுப்பும் மாறாது, கால் மட்டும் நீளும். நான் சுடிதார், கவுன் எல்லாம் இப்படித்தான் பண்றேன்.

கோடும் நிறமும்
பாண்டி சொல்ற 130 சரியான கணக்குதான். போட்டோவுல ஆள் ஏழரைத் தலை உயரம்னா, இடுப்புல இருந்து தரை வரைக்கும் சுமார் 4.7 தலை வரும். ஒன்பது தலை உருவத்துல கூடுற ஒன்றரைத் தலையும் இடுப்புக்குக் கீழேதான் போகும், அப்போ 6.2. விகிதம் ஏறக்குறைய 1.3. எங்கே முட்டி வரணும், எங்கே கரை முடியணும்னு குறிச்சுக்க அந்த நீட்டின படம் உதவும். ஆனா அதுக்கு மேலயே டிரேஸ் பண்ணா மலர்விழி சொல்ற குறைதான் வரும்.

துணி கனமா லேசாங்கறதை நாம மடிப்பை வச்சுத்தான் கண்டுபிடிக்கிறோம். பட்டுல மடிப்பு கம்மி, ஒவ்வொண்ணும் அகலம், வளையற இடத்துல விளிம்பு முறியும். பாதத்துல துணி இடிக்கிற இடத்துல குட்டையான, கோணலான பள்ளம் விழும். இதை மேலும் கீழுமா இழுத்தா பள்ளம் நீண்டு வழியும். இடுப்புல 45 டிகிரியில ஓடுற மடிப்பு 52 டிகிரிக்கு நிமிர்ந்துடும். பார்க்கிறவங்க ஜார்ஜெட்னு நினைச்சுக்குவாங்க. மலர்விழிக்குப் பட்டு மாதிரி தெரியாததுக்குக் காரணம் கட்டம் மட்டும் இல்ல, இதுவும்தான்.

அதனால எல்லா இடத்தையும் சமமா நீட்டக் கூடாது. கொசுவம் சொருகின இடம், வலது இடுப்புல இருந்து இடது தோளுக்கு இழுபடுற மடிப்புகள், பாதத்துல துணி முறியற இடம், இந்த மூணையும் போட்டோவுல இருக்கிற அளவுலயே, அதே கோணத்துல எடுத்து வைங்க. கூடுதல் நீளம் முழுக்க நடுவுல, தொடையில இருந்து கணுக்கால் வரைக்கும் கொசுவம் நேரா விழற பகுதியில போகட்டும். அங்கே இருக்கிறது நேர்க்கோடு, எவ்வளவு நீட்டினாலும் துணியோட குணம் மாறாது. கொசுவ மடிப்பை எண்ணிக்கிட்டு அதே எண்ணிக்கையை, அதே அகலத்தை வைங்க. இடம் கிடைச்சுதேன்னு ஒரு மடிப்பு கூட்டினாக்கூட துணி மெலிஞ்சு தெரியும்.

இனி கட்டம். நிஜத்துல எட்டரை இஞ்ச் இருக்கிற தலையை 3 செ.மீ. வரைஞ்சா ரெண்டு இஞ்ச் கட்டம் 7 மி.மீ. வரும், கரை 2.1 செ.மீ. இடுப்புல இருந்து தரை வரைக்கும் 18.6 செ.மீ. கரையைக் கழிச்சா 16.5. அதுல 7 மி.மீ. கட்டம் 23 வரிசை போகும். கட்டத்தைச் சதுரமாவே வச்சு வரிசையைக் கூட்டுங்க.

தறிவீடு
மடிப்பைப் பத்தி சொன்னதெல்லாம் ஒத்துக்கிறேங்க. கடைசி வரியை ஒத்துக்க முடியாது. எங்க வீட்டுல மூணு தலைமுறையா தறி. புடவை அகலம் 48 இஞ்ச். மேல ஆறு, கீழ ஆறு கரை போனா உடல் 36 இஞ்ச், ரெண்டு இஞ்ச் கட்டம்னா 18 வரிசை. மேல் கரையும் ஒரு வரிசையும் இடுப்புல சொருகிப் போயிடும். கண்ணுக்குத் தெரியறது 17. நீங்க 23 போடச் சொல்றீங்க. அந்தப் புடவை எந்தத் தறியிலயும் இல்ல. படத்தைக் காட்டி இதே மாதிரி வேணும்னு ஒருத்தர் வந்தா, கட்டத்தைச் சின்னதாக்கி நெய்யணும். அது வேற டிசைன், வேற பாவு.

கோடும் நிறமும்
அண்ணா, நீங்க சொல்ற 17 நிஜம். ஆனா ஒன்பது தலை உள்ள பொண்ணும் நிஜத்துல இல்ல. தலை எட்டரை இஞ்ச்னா அவ ஆறே கால் அடிக்கு மேல வருவா. அவளுக்கு 48 இஞ்ச் புடவை எட்டாது. உடம்பைப் பொய்யா வரைஞ்சுட்டு வரிசையை மட்டும் உண்மையா வைக்கணும்னா கட்டத்தோட உருவம் கெடும். பார்க்கிறவங்க வரிசையை எண்ண மாட்டாங்க, சதுரமா இல்லையாங்கறது முதல் பார்வையிலயே தெரிஞ்சுடும்.

சாந்தி டைலரிங்
என் கடையிலயும் இதே தொல்லைதான். ஒரு பொண்ணு இந்த மாதிரி நெட்டையா வரைஞ்ச படத்தைக் கொண்டுவந்து பிளவுஸ் தைக்கச் சொல்லுச்சு. படத்துல கழுத்து இறக்கம் எவ்வளவு, கை நீளம் எவ்வளவுன்னு ஒண்ணுமே புரியல. அளவு போட்டு முன்பக்கம் பின்பக்கம் தனித்தனியா வரைஞ்சு குடுங்கம்மா, தைக்கிறவங்களுக்கு அதுதான் வேணும்.

மலர்விழி
அக்கா, இது தைக்கக் குடுக்கிற படம் இல்ல, போர்ட்ஃபோலியோவுக்கு. அளவுப் படம் தனியா போடுவேன். தறிவீடு அண்ணா, அப்போ 17 வரிசையே வச்சா கரையும் நீளணுமே?

தறிவீடு
கரையைத் தொடவே கூடாதும்மா. நீட்டினா கோபுரமெல்லாம் ஈட்டி முனை மாதிரி ஆயிடும். கோபுரத்தோட அடி அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள பொருத்தம்தான் அந்தக் கரைக்கு அழகு. ஆறு இஞ்ச் கரைன்னா ஆறு இஞ்சாத்தான் தெரியணும். கட்டத்தை 17 வரிசைக்குள்ள லேசா நீட்டு, அது பரவாயில்ல.

கோடும் நிறமும்
இங்கதான் எனக்கு நேர் எதிர் கருத்து. போட்டோவுல தெரியற 40 இஞ்ச்ல கரை ஆறு இஞ்ச், அதாவது 15 சதவீதம். படத்துல 2.1 செ.மீ.யே வச்சா 11 சதவீதமா குறைஞ்சு, பெரிய கரைப் புடவை சின்ன கரைப் புடவையா தெரியும். நான் 2.4 வரைக்கும் கூட்டுவேன். ஆனா உயரத்தை மட்டும் இல்ல, கோபுரத்தோட அகலத்தையும் அதே விகிதத்துல. ஒன்றிரண்டு கோபுரம் குறையும், முனை கூராகாது.

ஒரு விஷயம், மலர்விழி. கட்டத்தை நேரா ஸ்கேல் வச்சுப் போட்டுட்டு அதுக்கு மேல மடிப்பு வரையாதீங்க. கொசுவ விளிம்புல கட்டம் பாதியில அறுபடணும், பக்கத்து மடிப்புல வேற பாதியில இருந்து தொடங்கணும். கேமரா இடுப்பு உயரத்துல இருந்துதுன்னா கீழே போகப் போகப் படுக்கைக் கோடு நடுவுல தாழ்ந்து வளையும், கரைகிட்ட அந்த வளைவு அதிகம். முந்தானை மார்புல குறுக்கே போற இடத்துல கட்டமே சாயும். இந்த மூணும் இல்லன்னா சதுரம் சரியா இருந்தும் சுவர்ல ஒட்டின காகிதம் மாதிரி இருக்கும்.

பிக்சல் பாண்டி
சுடிதார்ல பிளெயின் துணிங்கறதால எனக்கு இது மாட்டவே இல்ல போல. நீட்டின படத்தை 20 சதவீத ஒபாசிட்டியில அடியில வச்சுக்கிட்டு, இடுப்பையும் பாதத்தையும் நீட்டாத படத்துல இருந்து வெட்டி ஒட்டினா ரெண்டும் சேருமே?

கோடும் நிறமும்
சேரும். ஒட்டின இடத்துல மடிப்புக் கோடு இடறும், அதை மட்டும் கையால இணைங்க.

மலர்விழி
23 வரிசை போட்டு, பக்கத்துல ஒரு கட்டத்தையும் ஒரு கோபுரத்தையும் நிஜ அளவுல வரைஞ்சு, இஞ்ச் கணக்கும் எழுதிடறேன். கரை 2.1ஆ 2.4ஆன்னு ரெண்டும் வரைஞ்சு பார்க்கணும். இன்னொண்ணு, இடது பக்கம் முந்தானை முட்டி வரைக்கும் தொங்குது. முட்டி கீழே இறங்கிடுச்சு. முந்தானையும் இறங்கணுமா?

தறிவீடு
இறக்கினா முந்தானைப் பட்டையில இருக்கிற வேலைப்பாட்டை என்ன பண்ணுவ? அதுக்கும் வரிசை கூட்டுவியா?

கோடும் நிறமும்
முட்டி வரைக்கும் இறக்கணும், இல்லன்னா முந்தானை குட்டைன்னு தெரியும். பட்டையைத் தொடாம, அதுக்கு மேல இருக்கிற கட்டப் பகுதியில நீளத்தைக் கூட்டலாம்.

தறிவீடு
மறுபடியும் இல்லாத கட்டம்.