காப்பர் டி இருக்கும்போதே டெஸ்டில் இரண்டு கோடு. ரெடிங்கில் யாரைப் பார்ப்பது?

ரெடிங் புதுசு
வணக்கம். இங்கிலாந்து வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. மதுரையில் பையன் பிறந்த மறுநாளே ஆஸ்பத்திரியில் காப்பர் டி போட்டு அனுப்பினார்கள். இப்போது டெஸ்ட் எடுத்தால் இரண்டு கோடு. மூன்று கிட் வாங்கிப் பார்த்துவிட்டேன், மூன்றிலும் அப்படித்தான். இங்கே பார்த்தால் எவ்வளவு செலவாகும்? பேசாமல் டிக்கெட் போட்டு ஊருக்குப் போய்விடவா? அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

லீட்ஸ் கல்யாணி
பயப்படாதே தங்கச்சி. நான் வந்தது ஒரு ஜனவரி. நாலு மணிக்கே இருட்டிவிடும், பேச ஆள் கிடையாது, அந்த நேரத்தில்தான் எனக்கும் நின்றது. நான் கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் இரண்டு நாள் வாந்தி. மாத்திரை உள்ளே தங்கவே இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது. தெரியாமல் ஏழாவது வாரம் வரை மாத்திரையை விழுங்கியிருக்கிறேன். பெண்ணுக்கு இப்போது ஒன்பது வயது, ஒரு குறையும் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு நிம்மதியாக இரு.

குரோய்டன் சேகர்
அவர் கேட்டது காப்பர் டி, மாத்திரை இல்லையே. என் அண்ணி விஷயத்தில் ஊர் டாக்டர் சொன்னது: உள்ளே செம்பு இருந்தால் குழந்தை ஊனமாகப் பிறக்கும், உடனே கலைத்துவிடுவதுதான் நல்லது. ஊருக்குப் போங்கள். இங்கே குடும்ப டாக்டரான ஜிபியைப் பார்க்கவே மூன்று வாரம் ஆகும்.

நர்ஸ் மீனா
நான் எர்லி ப்ரெக்னன்சி யூனிட்டில் வேலை செய்கிறேன். செலவை அப்புறம் பார்க்கலாம், முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது? அடிவயிற்றில், முக்கியமாக ஒரே பக்கமாக, வலி இருக்கிறதா? கொஞ்சமாவது இரத்தம் படுகிறதா? தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல் உண்டா?

ஹரோ வதனி
ஜிபிக்கு மூண்டு கிழமை எண்டது உண்மைதான். காலமை எட்டு மணிக்கு அடிச்சால் நாப்பதாவது ஆளாக லைனில நிக்க வேணும். எட்டரைக்கு எடுத்து, அப்பொயின்ட்மென்ட் முடிஞ்சுது எண்டு சொல்லுவினம்.

லீட்ஸ் கல்யாணி
எங்கள் ஊரிலும் இதே கதை. ரிசெப்ஷனிலேயே என்ன நோய் என்று கேட்பார்கள், அதுவும் பத்து பேர் முன்னால்.

சவுத்ஹால் முருகன்
நான் வந்தபோது விசா பேப்பர் காட்டினால்தான் பதிவு என்று திருப்பி அனுப்பினார்கள். பதிவுக்கு அதெல்லாம் தேவையே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

ரெடிங் புதுசு
மீனா அக்கா, தேதி சரியாக ஞாபகம் இல்லை, ஆறு வாரம் இருக்கும். வியாழக்கிழமையிலிருந்து பழுப்பாகக் கொஞ்சம் படுகிறது. வலது பக்கம் லேசாகப் பிடித்து இழுக்கிறது. பெட்டி தூக்கியதால் என்று நினைத்தேன்.

நர்ஸ் மீனா
சரி, இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காப்பர் டி இருக்கும்போது கரு தரிப்பதே அபூர்வம். ஆனால் தரித்துவிட்டால், அது கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் இருக்க மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். காப்பர் டி கருப்பைக்குள் நடப்பதை நன்றாகத் தடுக்கும், குழாயில் நடப்பதை அவ்வளவு தடுக்காது. குழாயில் கரு வளர்ந்து குழாய் வெடித்தால் உள்ளுக்குள்ளேயே இரத்தம் கொட்டும். இப்போது விமானம் ஏறுவதில் எனக்குள்ள பயம் இதுதான். பத்து மணி நேரம் நடுவானில் யாரும் எதுவும் செய்ய முடியாது.

பழுப்பும் ஒரு பக்க வலியும் இருப்பதால் ஜிபிக்காகக் காத்திருக்காதீர்கள். இன்று ஞாயிறு, மருத்துவ உதவி எண் 111-க்கு அழையுங்கள். "டெஸ்ட் பாசிட்டிவ், காயில் உள்ளே இருக்கிறது, வலது பக்கம் வலி, இரத்தம்" என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். இங்கே காப்பர் டி என்றால் சிலருக்குப் புரியாது, coil, அதாவது காயில் என்றே சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கேளுங்கள், அதற்குப் பணம் இல்லை. வலி கூடினாலோ, தோள்பட்டை நுனி வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ ஆம்புலன்ஸுக்கு 999. காரில் தனியாகக் கிளம்பாதீர்கள். அவரிடம் இப்போதே சொல்லுங்கள், இன்று வீட்டில் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

ஹரோ வதனி
காசுக்குப் பயப்பிடாதேங்கோ. டிபென்டன்ட் விசாவில வந்திருந்தால் விசா போடேக்கையே ஹெல்த் சர்சார்ஜ் கட்டியிருப்பியள். ஸ்கானும் பிரசவமும் அதுக்குள்ள அடங்கும். விசிட்டராக வந்த ஆக்களுக்குத்தான் பிறகு பில் வரும்.

குரோய்டன் சேகர்
அப்படியென்றால் அந்தக் காப்பர் டியை என்ன செய்வார்கள்? எடுத்தால் கரு கலைந்துவிடும் என்கிறார்களே?

லீட்ஸ் கல்யாணி
எடுக்கவே கூடாது. என் நாத்தனார் அப்படியே வைத்துப் பெற்றாள், பிரசவத்தில் நஞ்சுக்கொடியோடு வந்து விழுந்தது.

நர்ஸ் மீனா
நாத்தனாருக்கு நல்லபடியாக முடிந்தது சந்தோஷம். ஆனால் அதை வைத்து முடிவு செய்யக்கூடாது. கரு கருப்பைக்குள் இருக்கிறது என்று ஸ்கேனில் உறுதியாகி, 12 வாரத்துக்குள் இருந்து, காப்பர் டியின் நூல் தெரிந்தால், எடுத்துவிடுவதே நல்லது. எடுக்கும்போது கலைய ஒரு சின்ன ஆபத்து உண்டு, அதை மறைக்க மாட்டேன். விட்டால் வரும் ஆபத்து அதைவிடப் பெரியது: பின்னால் கலைவது, தொற்று, குறைமாதப் பிரசவம். எடுப்பதற்கு மயக்க மருந்து வேண்டாம். ஸ்பெகுலம் வைத்துப் பார்த்து, மீன்பிடி நரம்பு மாதிரி இருக்கும் அந்த நூலைக் கிடுக்கியால் பிடித்து மெதுவாக இழுப்பார்கள். ஒரு நிமிட வேலை. நீங்களாக வீட்டில் இழுக்கவே கூடாது.

நூல் தெரியாவிட்டால் துழாவ மாட்டார்கள். பெரும்பாலும் அப்படியே விட்டுக் கவனிப்பார்கள், பிரசவத்தில் அது வெளியே வந்ததா என்று கட்டாயம் தேட வேண்டும். இன்னொன்று: பிரசவமான உடனே போடுவது நழுவி விழ வாய்ப்பு அதிகம். உங்களுடையது எப்போதோ விழுந்து தெரியாமலே போயிருக்கலாம். அதையும் ஸ்கேன்தான் சொல்லும்.

சேகர், செம்பால் குழந்தை ஊனமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தப் பயத்தில் யாரும் கலைக்க வேண்டாம். வேறு காரணத்தால் வேண்டாம் என்று கர்ப்பமான பெண்ணே முடிவெடுத்தால் அது அவர் உரிமை, அதற்கும் இங்கே வழி உண்டு. ஆனால் காயில் இருப்பதை மறைத்துத் தபாலில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிவிடக்கூடாது. கரு எங்கே என்று முதலில் ஸ்கேன் பார்த்தாக வேண்டும்.

கல்யாணி அக்கா மாத்திரை பற்றிச் சொன்னது பாதி சரி. கர்ப்பத்தடை மாத்திரை குழந்தையைப் பாதித்ததாகத் தெரியவில்லை, நிறுத்திவிட்டால் போதும். ஆனால் மாத்திரையோடு கரு தரித்தாலும் ஒரு பக்க வலி வந்தால் இதே அவசரம்தான்.

ரெடிங் புதுசு (புதன்கிழமை)
அவரிடம் சொல்லிவிட்டேன். 111-இல் அன்றைக்கே போகச் சொன்னார்கள். ஸ்கேனில் காப்பர் டி இடத்தில் இருக்கிறது, கரு எங்கேயும் தெரியவில்லை. திங்கள்கிழமை எடுத்த ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் ஹெச்சிஜி 620. இன்று 48 மணி நேரம் கழித்து எடுத்தது 1,240. ஏறியிருப்பதால் நல்லதாக இருக்கலாம், ஆனால் குழாயில் இல்லை என்று இப்போதே சொல்ல முடியாது, அடுத்த புதன் ஸ்கேன் என்றார்கள். நூலைப் பற்றிக் கேட்டேன், கரு தெரிந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதானா அக்கா?

நர்ஸ் மீனா
சரிதான். இரட்டிப்பானது நல்ல அறிகுறி, உறுதி இல்லை. புதன் வரைக்கும் வலியைக் கவனியுங்கள். அந்த யூனிட் நம்பரையும் 999-ஐயும் அவர் போனிலும் போட்டு வையுங்கள். தொடர விரும்பினால் ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் தினமும் ஒன்று, மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். சர்க்கரையோ வலிப்புக்கு மாத்திரையோ இருந்தால் அந்த அளவு போதாது, சொல்லுங்கள். மதுரையில் கொடுத்த காப்பர் டி அட்டை இருந்தால் வீட்டில் யாரையாவது போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், புதன்கிழமை கையில் இருக்கட்டும்.

ரெடிங் புதுசு
சர்க்கரை இல்லை. அட்டை அம்மாவிடம் இருக்கிறது, இப்போதே கேட்கிறேன்.