‘யீல்டு’ என்பதற்குத் தமிழ்: சேதாரமா, தேறலா, தேறுமானமா?

கோவை, கேட்டரிங் ஆசிரியை:
திங்கட்கிழமை வகுப்பில் பள்ளிபாளையம் சிக்கனுக்குத் தட்டு அடக்கவிலை போட வைக்கிறேன். பாடத்தாளில் ‘யீல்டு’ மட்டும் தமிழில்லாமல் நிற்கிறது. ‘விளைச்சல்’ என்றால் பிள்ளைகள் மஞ்சள் காட்டை நினைப்பார்கள். வாங்கியதில் சட்டிக்குப் போவது ஒன்று, சட்டியிலிருந்து தட்டுக்கு வருவது ஒன்று. இரண்டுக்கும் பெயர் வேண்டும்.

ஈரோடு, கணக்காளர்:
சேதாரம் இருக்கிறதே டீச்சர்! நகைக்கடைக்குப் போன எல்லோருக்கும் தெரியும். சதவீதத்தை விலையோடு கூட்டினால் முடிந்தது.

பெருந்துறை, மெஸ் நடத்துபவர்:
அந்தச் சொல்லே கணக்கைக் கெடுக்குமுங்க. இங்கே கூட்டக்கூடாது, வகுக்கணும். சின்ன வெங்காயம் கிலோ 60 ரூபாய், தோலும் அழுகலும் போக 800 கிராம் தேறுகிறது என்று வையுங்கள். உரித்த கிலோ 75 ரூபாய். 20 சதவீதம் கூட்டினால் 72தான் வரும். கழிவு ஏற ஏற இந்த இடைவெளியும் ஏறும்.

உரிப்பதில் போவதைப் பொருள் பொருளாகப் பார்க்கணும். வேக்காட்டில் போவதை அப்படிப் பார்க்க முடியாது, கோழியும் வெங்காயமும் ஒரே சட்டியில் நீர் விடுகின்றன. அதனால் வெறும் சட்டியை முதலில் எடை போட்டு வைத்து, இறக்கியதும் மொத்தமாக நிறுக்கணும். கோழி, வெங்காயம், தேங்காய்ச் சில்லு, வரமிளகாய், எண்ணெய் எல்லாம் 600 ரூபாய் என்றால், 2 கிலோ வந்தால் 200 கிராம் தட்டு 60 ரூபாய். அடுப்பு எரிந்து 1,800 கிராமாகச் சுண்டினால் 9 தட்டுதான், ஒன்று 66.67.

திருச்செங்கோடு, தமிழாசிரியர்:
அவர் வாயிலேயே ‘தேறுகிறது’ வந்துவிட்டது. தேறு, தேறல். தூய சொல்.

ஈரோடு, கணக்காளர்:
சங்கப் பாடல்களில் தேறல் தெளிந்த கள் ஆயிற்றே ஐயா! வகுப்பில் கள் கணக்கா?

திருச்செங்கோடு, தமிழாசிரியர்:
கசடு போகத் தெளிந்து நிற்பதுதான் தேறல். வெங்காயத்துக்கும் அதுவே பொருந்தும். தெள், தெளி, தேறு எல்லாம் ஒரே வேர் என்பேன். தேறாத மாணவன் என்கிறோமே, அதுவும் இதுதான்.

காங்கேயம், அரிசி மில்:
எங்களுக்கு நெல்லில் அரிசி தேறுவதுதான் கணக்கு. ஆனால் அரிசி வெந்தால் எடை கூடுகிறதே, அதற்கும் சேதாரம் என்பீர்களா? தேய்மானம் மாதிரி ‘தேறுமானம்’ என்று வையுங்கள். கூடினாலும் குறைந்தாலும் பொருந்தும்.

திருச்செங்கோடு, தமிழாசிரியர்:
‘மானம்’ வடமொழி. ஏற்க மாட்டேன்.

பெருந்துறை, மெஸ் நடத்துபவர்:
வருமானம், செரிமானம் எல்லாம் சமையல்கட்டுக்குத் தெரிந்தவைதானுங்க. என் ஓட்டு தேறுமானத்துக்கு. ஆனால் மழைக்கால வெங்காயத்துக்கும் கோடை வெங்காயத்துக்கும் ஒரே எண் போடாதீங்க. மூட்டை மாறும்போது மறுபடி நிறுக்கணும்.

கோவை, கேட்டரிங் ஆசிரியை:
சரி, தாளில் ‘உரிப்புத் தேறுமானம்’, ‘வேக்காட்டுத் தேறுமானம்’ என்று போடுகிறேன். ஐயா, உங்கள் மறுப்பு இழையிலேயே இருக்கட்டும். அப்புறம் ஒன்று: எலும்புத் துண்டு அதிகம் விழுந்த தட்டையும் அதே 200 கிராமாகவா எண்ணுவது?

பெருந்துறை, மெஸ் நடத்துபவர்:
நான் துண்டு எண்ணித்தான் வைக்கிறேன். எடை ஒத்துவருவதில்லை. அதற்கு இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறேனுங்க.