சரிந்த கரையின் பேக் அனாலிசிஸ்: நீர்மட்டத்தை எப்படி முடிவு செய்வது?

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு வாய்க்கால் கரை, மேட்டூர் அணை மூடி தண்ணீர் வேகமாக இறங்கிய நான்காம் நாள் சரிந்துவிட்டது. உயரம் 4.5 மீட்டர், சரிவு 1.5-க்கு 1, களிமண். சரிவு வட்டத்தை இரண்டு துளைகளிலும் உச்சியில் விழுந்த வெடிப்பிலும் பிடித்துவிட்டேன்.

டிரையாக்சியல் சோதனையில் φ' 26 டிகிரி, c' 10 கிலோபாஸ்கல் வந்தது. அதைப் போட்டால், கரை முழுக்க நனைந்திருந்ததாக வைத்தாலும், பிஷப் முறையில் பாதுகாப்புக் காரணி 1.2-க்கு மேலே நிற்கிறது, ஆனால் கரை நின்றதா என்ன?

அப்புறம் φ'-ஐ அப்படியே வைத்து, காரணி 1 ஆகும்வரை c'-ஐக் குறைத்துப் பார்த்தேன். கரைக்குள் நீர் முழுக்க வடிந்திருந்தால் 2 போதும், வடியவே இல்லையென்றால் 7 வேண்டும். சீரமைப்பு வடிவமைப்பே இந்த எண்ணை நம்பித்தான் இருக்கிறது. அங்கே பீசோமீட்டர் எதுவும் இல்லை.

சரிந்த நேரத்தில் கரைக்குள் நீர்க்கோடு எங்கே இருந்தது என்பதை இப்போது எதை வைத்து நிர்ணயிப்பது?