புதுப்பிப்பு: ஏஐ லோகோவை மூன்று பின்னணியிலும் பார்த்தாகிவிட்டது

“ஏஐ போட்டுக் கொடுத்த ஆரஞ்சு லோகோ வெள்ளையில் நன்றாக இருக்கிறது. ஓகே சொல்லிவிடலாமா?”

இன்னும் சொல்லவில்லை. `#F28C28` நிறத்துக்கு வெள்ளையில் ஒளி மாறுபாட்டு விகிதம் 2.5:1-ஐக்கூடத் தொடவில்லை. இணைய அணுகல் விதிகளான WCAG-இன்படி லோகோவுக்கு 3:1 கட்டாயமில்லை என்று ஒருவர் சொன்னது சரிதான். ஆனால் 32 பிக்சலில் எழுத்து கரைந்துவிடுகிறது.

`#121212` கருப்பில் 7:1-க்கு மேல் வருகிறது. ஆனால் ஓரமெல்லாம் வெள்ளைக் கீற்று! வெள்ளைப் பின்னணியை வெட்டியெடுத்த மிச்சம் அது. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, வெக்டராக வரையச் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது பின்னணியான புகைப்படத்துக்கு ஒரே எண் போதாது. மிக வெளிச்சமான இடத்திலும் மிக இருண்ட இடத்திலும் வைத்துப் பார்த்தேன். மேகத்தின் மேல் பெயரே தெரியவில்லை. லோகோவுக்கு அடியில் அடர்நிறப் பட்டையா, அடர்நீலத்தில் தனி லோகோவா என்பது முடிவாகவில்லை.

டி-ஷர்ட் பற்றிக் கேட்டவருக்கு: இவை திரைக்கான கணக்கு, துணியில் அச்சடித்துத்தான் பார்க்க வேண்டும்.