படத்தில் உடையை மாற்றினால் பஃப் கை சப்பையாகிறது, ஃபிரில் ஓரம் கரைகிறது: உதவி தேவை

வெள்ளைத்தாள்: படத்தில் இருப்பவர் உடம்போடு ஒட்டிய கை வைத்த கவுன் போட்டிருக்கிறார். Stable Diffusion-இல் அந்தக் கையை மட்டும் மாஸ்க் செய்து, பஃப் கையும் முழங்கை ஓரத்தில் ஃபிரிலும் கேட்டேன். சுருக்கம் விழுகிறது, ஆனால் உப்பலே இல்லை. ஃபிரில் ஓரம் தோலோடு கலந்து மங்கிவிடுகிறது. Denoising strength 0.45. என்ன செய்யலாம்?

தையல்ஊசி: எனக்கும் இதே தொல்லைதான். அயர்ன் செய்ததும் பஃப் அமுங்கிவிடுகிறது. உள்ளே கொஞ்சம் விறைப்பான நெட் துணியை வைத்துத் தைத்துப் பாருங்கள்.

வெள்ளைத்தாள்: நன்றி, ஆனால் நான் கேட்பது படத்தில் செய்யும் மாற்றம்.

அரைவட்டம்: Denoising strength போதவில்லை. 0.8-க்கு ஏற்றுங்கள், உப்பிவிடும்.

நிழல்வெளிச்சம்: ஏற்றத்தான் வேண்டும். 0.45-இல் பழைய கையின் வடிவமே புதியதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அது மட்டும் போதாது. மாஸ்க்குக்கு வெளியே இருப்பதெல்லாம் பழைய படமாகவே திரும்ப ஒட்டப்படும். பஃப் கை உப்ப வேண்டிய இடம் கைக்கு வெளியே, பின்னணியில்தான் இருக்கிறது. அந்த இடத்தையும் சேர்த்து, தோளுக்கு மேலும் பக்கவாட்டிலும் பஃப் வரவேண்டிய அளவுக்கு மாஸ்க்கை அகலமாக வரையுங்கள். பிறகு 0.8 வைத்தால் உப்பும்.

ஃபிரிலை அதே ஓட்டத்தில் எதிர்பார்க்காதீர்கள். இந்த மாடல் உள்ளுக்குள் படத்தை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கித்தான் வேலை செய்கிறது. ஓரத்தின் மெல்லிய கோடு அதில் தொலைந்துபோகும். வடிவம் சரியாக வந்ததும் ஃபிரில் பட்டையை மட்டும் மாஸ்க் செய்து, Inpaint area-வில் Only masked தேர்ந்தெடுத்து, 0.35 அளவில் இன்னொரு முறை ஓட்டுங்கள். அந்தத் துண்டை மட்டும் பெரிதாக்கி வரைவதால் ஓரம் தெளியும். Mask blur-ஐ 4-க்கு மேல் கொண்டுபோக வேண்டாம்.

தையல்ஊசி: படம்தானா, சரி. அப்படியென்றால் ஒன்று பாருங்கள். நிஜ பஃப்பில் சுருக்கங்கள் தோள் தையலிலிருந்து கிளம்பி, உப்பல் வரும் இடத்தில் மறைந்துவிடும். கை முழுக்க ஒரே மாதிரி கோடு ஓடினால் அது உப்பிய துணியாகத் தெரியாது. ஃபிரிலில் ஒவ்வொரு மடிப்பும் தோல்மேல் சிறு நிழல் போடும். அந்த நிழல் இல்லாவிட்டால் ஒட்டவைத்ததுபோல இருக்கும்.

வெள்ளைத்தாள்: மாஸ்க்கை அகலமாக்கியதும் பஃப் நன்றாக உப்பிவிட்டது! இரண்டாம் ஓட்டத்தில் ஃபிரில் ஓரமும் பிரிந்து தெரிகிறது, நிழலும் விழுந்திருக்கிறது. இப்போது பின்னணியில் செங்கல் சுவரின் கோடுகள் கைக்குப் பக்கத்தில் வளைகின்றன.

நிழல்வெளிச்சம்: அகல மாஸ்க்கின் விலை அது. சுவரையும் மாடல் மறுபடி வரைந்துவிட்டது. பழைய படத்தைக் கீழ் லேயரில் வைத்து, புதியதிலிருந்து கையை மட்டும் வெட்டி மேலே போடுங்கள். வெட்டும்போது ஓரத்திலிருந்து ஒரு பிக்சல் உள்ளே தள்ளி வெட்டினால், புதுச் சுவரின் நிறம் விளிம்பில் ஒட்டிக்கொண்டு வராது.

வெள்ளைத்தாள்: சுவர் நேராகிவிட்டது. ஆனால் தலைமுடி பஃப் மேல் விழும் இடத்தில் முடியிழைகள் பாதியில் அறுந்து நிற்கின்றன. அதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.